மில் நோட்டீஸ் ஒன்றைத் தமிழில் எழுதிய மூன்று நாள்

2022 ஜூலை கடைசி வாரம். திருமங்கலம் பக்கம் இருக்கும் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸிலிருந்து ஒருவர் சிம்மக்கல்லில் இருக்கும் என் டி.டி.பி. கடைக்கு வந்தார். கையில் ஒரே ஒரு தாள், ஆங்கிலத்தில் டைப் செய்த நோட்டீஸ். "சார், இதைத் தமிழ்ல போட்டுக் குடுங்க. ஒண்ணாந் தேதிக்கு முன்னாடி கேட்ல ஒட்டணும்" என்றார். முக்கால் பக்கம்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வாங்கி வைத்தேன். மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் என்ன செய்தேன், எதை ஏன் மாற்றினேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி வேலை வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நூற்புப் பிரிவில் வேலை செய்யும் எல்லோருக்குமான பாதுகாப்பு அறிவிப்பு அது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், அதைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசு பறக்கும், அதனால் மாஸ்க் அணிய வேண்டும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடும் இடத்தில் இரைச்சல் அதிகம், அங்கே காதடைப்பான் வைக்க வேண்டும். முடி, முந்தானை, துப்பட்டா எதுவும் இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளாதபடி இருக்க வேண்டும். ஓடுகிற இயந்திரத்தில் கை வைத்துப் பஞ்சு எடுக்கக் கூடாது. செல்போனை டைம் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். மாஸ்க்கும் காதடைப்பானும் தேவைப்பட்டால் யாரிடம் வாங்குவது என்பதும் இருந்தது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை வரும். கடைசியில், எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்ற வழக்கமான வரி.

அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 108ஆவது பிரிவு, சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், முக்கிய வாசலுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னது. அதனால் அந்த மில்லில் எந்த அறிவிப்பானாலும் இரண்டு மொழியிலும் ஒட்டுவது வழக்கம். இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு ஒருவர் மீது விசாரணை வந்தால், 'இந்த விதி அவருக்குத் தெரியும்' என்று காட்ட இந்தத் தாளைத்தான் எடுத்து வைப்பார்கள். அவர் படித்தது தமிழைத்தான். ஆகவே தமிழில் ஒரு சொல் இளகினாலும் இறுகினாலும் அது ஒருவருடைய வேலையைத் தொடும். இதை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அப்படியும் முதல் படியில் தப்புச் செய்தேன்.

முதல் படி இப்படித் தொடங்கியது:

> அனைத்துத் தொழிலாளர்களுக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில், பலமுறை சொல்லியும் தொழிலாளர்கள் சிலர் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் பணிபுரிவது கவனிக்கப்பட்டுள்ளது. எனவே தயவுசெய்து கீழ்க்கண்ட விதிகளைத் தவறாமல் கடைப்பிடிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். தலைவிரி கோலமாகவோ முந்தானை தொங்கவிட்டோ வரக் கூடாது. மாஸ்க் இல்லாமல் பிடிபட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஒரு சொல் வந்துவிட்டது. அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி கம்பீரமாகவும் இருந்தது.

நான் திருநகரில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா வேறொரு நூற்பாலையில் சைடராக இருக்கிறார். ரிங் ஃபிரேமில் நூல் அறுந்தால் ஒட்டுகிற வேலை. பதினோரு வருடமாகப் போகிறார். பகல் ஷிப்ட், அரை நைட்டு, முழு நைட்டு எல்லாம் பார்த்தவர். அன்று சாயங்காலம் அந்தத் தாளை அவரிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மனசுக்குள் படித்தால் கண் தாவிவிடும். வாய்விட்டுப் படிக்கும்போதுதான் எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே முகம் மாறுகிறது என்று தெரியும்.

முதல் வரியைப் படித்ததும் நிறுத்தினார். "அண்ணே, இது எங்களுக்குச் சொல்றதா, இல்ல எங்களைப் பத்தி வேற யாருக்கோ சொல்றதா?" என்று கேட்டார்.

'பலமுறை சொல்லியும்' என்ற இடத்தில் புருவத்தைத் தூக்கினார். 'தலைவிரி கோலமாக' என்ற இடத்தில் தாளை என்னிடமே நீட்டிவிட்டார். "எழவு வீட்டுக்கா போறோம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மேல் படிக்கவும் இல்லை.

இரவு சாப்பிட்டபிறகு தாளை மறுபடி எடுத்தேன். அவர் தொட்ட இடங்களிலிருந்தே தொடங்கினேன்.

'தலைவிரி கோலம்' எப்படி வந்தது என்று யோசித்தேன். ஆங்கிலத்தில் 'லூஸ் ஹேர்' என்று இருந்தது. அது முடியின் நிலையை மட்டும் சொல்கிறது, அது கட்டப்படவில்லை, அவ்வளவுதான். தமிழில் விரித்த கூந்தலுக்குத் துக்கமும் சபதமும் ஒட்டியிருக்கின்றன. வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதக் கூடாது. 'முடியை விரித்துப் போட்டு' என்றாலும் குறை சொல்லும் தொனிதான். அப்புறம்தான் ஒன்று புரிந்தது. எதைச் செய்யக் கூடாது என்று சொல்லப் போனால் தமிழில் பழிச்சொற்கள்தான் முதலில் கைக்கு வரும். எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னால் அந்த இக்கட்டு இல்லை. "கூந்தலைக் கொண்டையிட்டுத் தொப்பிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும்." மில்லில் எல்லாப் பெண்களும் துணித்தொப்பி போடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு இது உடனே புரியும். முந்தானைக்கும் அதே வழிதான். 'தொங்கவிட்டு' என்பதை எடுத்துவிட்டு, "சேலை முந்தானையும் துப்பட்டாவும் வெளியே தெரியாதபடி மேல்கோட்டு அணிய வேண்டும்" என்று எழுதினேன். பெண்களின் உடையைப் பற்றி ஓர் ஆண் மேலாளரின் கையெழுத்தில் வெளியாகிற வரி இது. அங்கே கண் போகிற இடம் உடம்பாக இருக்கக் கூடாது, கோட்டாக இருக்க வேண்டும்.

அடுத்தது 'பிடிபட்டால்'. இது அக்கா தொடாத இடம். நானே கண்டுபிடித்தேன், அதுவும் இரண்டாம் நாள்தான். ஆங்கிலத்தில் 'ஃபவுண்ட் வித்தவுட் மாஸ்க்' என்று இருந்தது. அங்கே அது சாதாரண அலுவலக நடை. தமிழில் பிடிபடுகிறவன் திருடன், இல்லாவிட்டால் டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறியவன். 'காணப்பட்டால்' என்று மாற்றினேன். அது பரவாயில்லை, ஆனாலும் மேலே இருந்து யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நிர்வாகத்துக்கு உண்மையில் எது முக்கியம்? ஒருவர் மாஸ்க் இல்லாமல் வேலை செய்வதுதான் பிரச்சினை. அதை யார் பார்த்தார்கள் என்பது பிரச்சினை இல்லை. "அணியாமல் பணிபுரிந்தால்" என்று எழுதியதும் சரியாகிவிட்டது. நோட்டீஸைத் தமிழாக்கும்போது ஆங்கிலத்தின் 'ஃபவுண்ட்', 'காட்' போன்ற சொற்களைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, செயலை மட்டும் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பொருள் குறையாது.

'பலமுறை சொல்லியும்' பற்றி. இதே பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருந்தது, அதனால் முழுக்க விட்டுவிட முடியாது. விசாரணையில் 'ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம்' என்பதற்கு மதிப்பு உண்டு. ஆனால் 'சொல்லியும்' என்பதில் இருக்கும் அந்த 'உம்' நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டும்போது வருவது. 'எத்தனை தடவ சொல்லியும் கேக்க மாட்டேங்கிற' என்று அம்மா சொல்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்த 'உம்' வந்த உடனே அடுத்து வருவது திட்டுதான் என்று தெரியும். நாற்பது வயதுத் தொழிலாளியைக் கேட்டில் நிறுத்தி அப்படிப் பேச முடியுமா? ஒரே வாக்கியமாக இருந்ததை இரண்டாக வெட்டினேன். "பாதுகாப்புச் சாதனங்களை அணிய வேண்டும் என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனாலும் சிலர் அவற்றை அணியாமல் பணிபுரிவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது." தகவல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. திட்டு மட்டும் போய்விட்டது. 'தொழிலாளர்கள் சிலர்' என்பது வெறும் 'சிலர்' ஆனது. ஒழுங்காக மாஸ்க் போடுகிறவர்கள்தான் அதிகம், குறை சொல்லும் வரியில் அவர்களுடைய பொதுப்பெயர் வர வேண்டியதில்லை.

இனி அக்காவின் முதல் கேள்விக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது.

'அறிவிக்கப்படுவது', 'அறிவுறுத்தப்படுகிறார்கள்', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. அரசாங்கத் தமிழில் இந்தப் 'படு' எங்கும் இருக்கிறது. ஆங்கில நோட்டீஸிலும் 'ஆர் ஹியர்பை இன்ஃபார்ம்டு' என்றுதான் இருந்தது, நேராக விழுந்தது. இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, 'ஆர்கள்' என்ற முடிவே உயர்வுதான். ஆனால் படிக்கிறவர் அந்த வாக்கியத்தில் கேட்பவராக இல்லை. அவரைப் பற்றி யாரோ யாரிடமோ பேசுகிறார்கள், அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா சொன்னது அதைத்தான்.

அப்படியானால் நேராக 'நீங்கள்' என்று எழுதிவிடலாமா? எழுதிப் பார்த்தேன். "நீங்கள் மாஸ்க் அணிய வேண்டும்." தனிக் கடிதம் என்றால் இது சரி. கேட்டில் ஒட்டும் தாளில், அதைப் பார்க்கிற ஒவ்வொருவரையும் விரல் நீட்டிச் சுட்டுகிற மாதிரி இருந்தது. 'தாங்கள்' என்று போட்டால் இன்னும் மோசம். ஒருவர் மீது குற்றச்சாட்டுக் கடிதம் கொடுக்கும்போது 'தாங்கள் விளக்கம் அளிக்குமாறு' என்று எழுதுவது வழக்கம். அதனால் மில்லில் 'தாங்கள்' என்ற சொல்லைப் பார்த்தாலே 'மெமோ வந்துருச்சு' என்று நினைப்பவர்கள் உண்டு. உயர்வான சொல்லைப் போட்டால் மரியாதை தானாக வந்துவிடும் என்பது சரியில்லை. அந்தச் சொல்லை அவர்கள் இதற்கு முன் எங்கே பார்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

'அணியவும்', 'கொடுக்கவும்' என்ற வழி ஒன்று இருக்கிறது. வங்கியிலும் ரயில் நிலையத்திலும் அதுதான். அதில் நீ, நீங்கள் இரண்டும் இல்லை, உயர்வும் தாழ்வும் இல்லை. ஓர் ஒற்றை வரிக்கு அது நல்லது. ஐந்து விதிகளும் 'வும், வும்' என்று முடிந்தபோது லாரியின் பின்னால் எழுதிய வாசகங்கள் வரிசையாக நிற்பது போல இருந்தது. அதைவிட முக்கியமாக, 'அணியவும்' என்பது கட்டாயமா, வேண்டுகோளா என்று தெளிவாக இல்லை.

கடைசியில் தேர்ந்தெடுத்தது 'வேண்டும்'. 'அனைவரும் பின்பற்ற வேண்டும்', 'அணிய வேண்டும்', 'எடுக்கக் கூடாது'. ஆங்கிலத்தில் இருந்த 'ஷல்' என்ற சொல்லுக்கு இதுதான் நேர். கட்டாயம் இருக்கிறது, அதட்டல் இல்லை, 'அனைவரும்' என்ற சொல்லில் மேலாளரும் அடக்கம். அறிமுக வரியில் 'அறிவிக்கப்படுவது யாதெனில்' என்பதை எடுத்துவிட்டு, தலைப்பின் கீழ் 'அனைவரின் கவனத்துக்கு' என்று ஒரே வரி போட்டேன். யாரிடம் பேசுகிறோம் என்பதை அந்த ஒரு வரி முடித்துவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு விதியிலும் அவர்களைத் திரும்பக் கூப்பிடத் தேவையில்லை.

மூன்றாம் நாள் காலையில் இரண்டாம் படியை டைம் ஆபீஸ்காரரிடம் அனுப்பினேன். அவர் மனிதவள மேலாளரிடம் காட்டிவிட்டுப் போனை அவரிடமே கொடுத்தார். மேலாளருக்கு ஒரு மனக்குறை. "சார், ஆங்கிலத்துல கைண்ட்லி இருக்கே. தமிழ்ல ஒரு இடத்துலயும் தயவுசெய்து காணோமே. நாங்க மரியாதையில்லாம பேசுற மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவர் உண்மையாகவே அக்கறைப்பட்டுக் கேட்டார். நான் சொன்னது இது. 'தயவுசெய்து' என்றால் எதிரில் இருப்பவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. தண்ணீர் கேட்கும்போது சொல்லலாம். மாஸ்க் அணியாவிட்டால் நடவடிக்கை என்று கீழே எழுதிவிட்டு, மேலே தயவுசெய்து என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். கீழ்வரியைப் படித்தவர்களுக்கு மேல்வரி குத்தலாகத் தெரியும். மேல்வரியைப் பிடித்துக்கொண்டவர் விசாரணையில், 'கேட்டுக்கொண்டார்கள், நான் முடியாது என்று இருந்தேன், அது எப்படிக் குற்றம்?' என்று கேட்கலாம். இந்திய அலுவலக ஆங்கிலத்தில் 'கைண்ட்லி' என்பது தேய்ந்து தேய்ந்து வெறும் தொடக்கச் சொல்லாகிவிட்டது. தமிழ் 'தயவு' இன்னும் தேயவில்லை, அதில் தயை இருக்கிறது.

"அப்ப கைண்ட்லியை எங்க வைக்கிறது?" என்றார். கடைசி வரியில் வைக்கலாம் என்றேன். அங்கே கேட்பது ஒத்துழைப்பு, அது உண்மையிலேயே கேட்டு வாங்க வேண்டியது. 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதே போதும். 'வேண்டும்' என்பதும் 'வேண்டுகிறோம்' என்பதும் ஒரே வேரில் வந்தவைதான். விதிக்கு முதலாவது, ஒத்துழைப்புக்கு இரண்டாவது. இரண்டையும் கலந்து போட்டால் விதிக்கும் பலம் இல்லை, வேண்டுகோளுக்கும் அழகு இல்லை. அவர் சரி என்றார்.

அதே பேச்சில் நடவடிக்கை வரியும் வந்தது. ஆங்கிலத்தில் 'லையபிள்' என்று இருந்தது. நடவடிக்கை வரக்கூடும் என்று பொருள், வந்தே தீரும் என்று இல்லை. நான் முதலில் எழுதிய 'எடுக்கப்படும்' அதைவிடக் கடுமை. 'எடுக்கப்படலாம்' என்று போட்டேன், மேலாளருக்கு அந்த 'லாம்' பிடிக்கவில்லை, 'எடுத்தாலும் எடுப்போம்னு விளையாட்டா இருக்கு' என்றார். 'நடவடிக்கை எடுக்க நேரிடும்' என்பதை அவரே சொன்னார். நோட்டீஸ்களில் அதிகம் பார்க்கிற தொடர்தான். ஆனால் அதில் நடவடிக்கை எடுப்பவர் நிர்வாகம், 'என்னை அந்த நிலைக்குத் தள்ளாதே' என்ற தொனி இருக்கிறது. அதையே திருப்பி, "ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்" என்று எழுதினேன். இப்போது விளைவு மட்டும் சொல்லப்படுகிறது. 'லையபிள்' என்பதன் அளவும் மாறவில்லை. 'நிலையாணைகளின்படி' என்ற சொல்லை விடாமல் சேர்த்தேன். நிலையாணைகள் என்பவை ஆலையின் எழுதி வைத்த பணி விதிகள். மேலாளரின் விருப்பப்படி இல்லை, விதிப்படிதான் என்று அந்தச் சொல் தொழிலாளிக்கும் ஒரு காப்பு.

கூப்பிடும் பெயர்களில் இருந்த சிக்கல் சீக்கிரம் முடிந்தது. ஆங்கிலத் தலைப்பில் தொழிலாளர்களுக்குப் பிறகு 'ஸ்வீப்பர்ஸ், கேன்டீன் பாய்ஸ், வாட்ச்மென்' என்று இருந்தது. தமிழ்நாட்டு அரசே 2020இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிவிட்டது, அதனால் அங்கே யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கேன்டீன் பாய்ஸில் ஐம்பது தாண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று டைம் ஆபீஸ்காரர் சொன்னார். கேன்டீன் பணியாளர்கள், பாதுகாப்புப் பணியாளர்கள் என்று எழுதினேன்.

இன்னொன்று என் கண்ணில் தாமதமாகப் பட்டது. மாஸ்க் கிழிந்தால் யாரைக் கேட்பது என்ற விதியில், 'பாதுகாப்பு அலுவலர் அவர்களையோ ஷிப்ட் மேஸ்திரியையோ அணுகலாம்' என்று எழுதியிருந்தேன். அலுவலருக்கு ஓர் 'அவர்கள்', மேஸ்திரிக்கு இல்லை. தாள் முழுக்கத் தொழிலாளி ஒருவருக்கும் 'அவர்கள்' இல்லை. ஒருவருக்கு மட்டும் கூடுதல் மரியாதை கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் அந்த அளவு குறைகிறது. 'அலுவலரிடமோ மேஸ்திரியிடமோ' என்று சமமாக்கினேன். அலுவலர் என்ற சொல்லின் 'அர்' போதிய மரியாதை. இதுபோல, மேலாளரே கையெழுத்துப் போடும் தாளில் 'மேலாளர் அவர்களின் அனுமதி' என்று எழுதிவிடாதீர்கள். தன்னைத் தானே 'அவர்கள்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நமக்கு இல்லை.

கடைசி வரியில் 'our mill' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அது 'எங்கள் மில்' ஆகவும் இருக்கலாம், 'நமது மில்' ஆகவும் இருக்கலாம், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எழுதவே முடியாது. 'எங்கள்' என்றால் தொழிலாளி வெளியே நிற்கிறார். 'நமது' என்றால் உள்ளே வருகிறார். நமது என்று எழுதினேன். ஆனால் 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதில் இருக்கும் 'ஓம்' நிர்வாகத்தைத்தான் குறிக்கிறது, அதனால் அந்த வரியில் மட்டும் 'நிர்வாகத்தின் சார்பில்' என்று சேர்த்தேன். இல்லாவிட்டால் யார் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் குழம்பும்.

இயந்திரச் சொற்களைத் தமிழாக்கவில்லை. புளோரூம், கார்டிங், ரிங் ஃபிரேம் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 'வளைய நூற்பு இயந்திரம்' என்று எழுதினால் எந்த இடத்தில் காதடைப்பான் வைப்பது என்று தெரியாமல் போய்விடும். உருளையில் பஞ்சு சுற்றிக்கொள்வதை 'லேப்பிங்' என்பார்கள். அதை அப்படியே வைத்தேன்.

ஒட்டப் போன படி இது:

> அறிவிப்பு
>
> நூற்புப் பிரிவுத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், கேன்டீன் பணியாளர்கள், பாதுகாப்புப் பணியாளர்கள் அனைவரின் கவனத்துக்கு
>
> பணியின்போது பாதுகாப்புச் சாதனங்களை அணிய வேண்டும் என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனாலும் சிலர் அவற்றை அணியாமல் பணிபுரிவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே 1.8.2022 முதல் கீழ்க்கண்ட விதிகளை அனைவரும் பின்பற்ற வேண்டும்.
>
> 1. புளோரூம், கார்டிங் பகுதிகளில் மாஸ்க் அணிய வேண்டும். ரிங் ஃபிரேம் பகுதியில் காதடைப்பான் அணிய வேண்டும்.
>
> 2. கூந்தலைக் கொண்டையிட்டுத் தொப்பிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் வெளியே தெரியாதபடி மேல்கோட்டு அணிய வேண்டும்.
>
> 3. இயந்திரம் ஓடும்போது லேப்பிங் பஞ்சைக் கையால் எடுக்கக் கூடாது.
>
> 4. செல்போனை டைம் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டுப் பணிக்குச் செல்ல வேண்டும்.
>
> 5. மாஸ்க், காதடைப்பான் தேவைப்பட்டால் ஷிப்ட் மேஸ்திரியிடமோ பாதுகாப்பு அலுவலரிடமோ பெற்றுக்கொள்ளலாம்.
>
> இவற்றைப் பின்பற்றாமல் பணிபுரிந்தால் நிலையாணைகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்.
>
> நமது ஆலையில் விபத்து நேராமல் காக்க அனைவரும் ஒத்துழைக்குமாறு நிர்வாகத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.
>
> (ஒப்பம்) மேலாளர், மனிதவளம்

இதை அன்று மத்தியானம் அதே அக்காவிடம் கொடுத்தேன். முழு நைட்டு முடித்து வந்து தூங்கி எழுந்திருந்தார். இந்தத் தடவை நிறுத்தாமல் கடைசி வரை படித்தார். ஒரே ஓர் இடத்தைச் சுட்டினார். ஐந்தாவது விதி. "இதை மேல கொண்டு போங்கண்ணே. போடு போடுன்னு சொல்லிட்டு, எங்க கிடைக்கும்னு கடைசில சொன்னா எப்படி? குடுக்கிறோம்னு முதல்ல சொன்னா, போடணும்னு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கும்ல" என்றார்.

அது மொழிபெயர்ப்பில் அடங்காத விஷயம். ஆங்கிலத் தாளிலேயே அந்த விதி ஐந்தாவதுதான், இரண்டு படிகளிலும் எண்கள் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு 'ஐந்தாவது விதி' என்று சொன்னால் இரண்டு தாளிலும் வேறு வேறாக இருக்கும். மேலாளருக்குப் போன் போட்டு அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஆங்கிலத் தாளையும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

சாயங்காலம் திருத்திய ஆங்கிலப் படி வந்தது. ஐந்தாவது விதி முதலாவதாகியிருந்தது. 'கேன்டீன் பாய்ஸ்' என்ற இடத்தில் 'கேன்டீன் ஸ்டாஃப்' என்று இருந்தது. 'ஃபவுண்ட்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டிருந்தார். நான் தமிழில் எண்களை மாற்றி, ஏ3 தாளில், நின்றுகொண்டு படிக்கும் தூரத்துக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் 'கேட்டுக்கொள்கிறோம்' வரியின் ஓரத்தில் உடைந்து 'றோம்' தனியாகக் கீழே இறங்கியது. அதை மேலே ஏற்றி, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தனுப்பினேன். ஒன்று கேட்டுக்கு, இன்னொன்று ரிங் ஃபிரேம் வாசலுக்கு.